ஆறு நோடில் ஒரு மாங்காய்: வெக்டர் வரைதலில் பென் டூல், குரூப், அலைன்

பெங்களூரு அல்சூரில் தமிழ்க் குடும்பத்துக் கல்யாணக் கார்டு என்றால் அதன் ஓரத்தில் மாங்காய் இல்லாமல் இருக்காது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடமோ ஆங்கிலமோ இருக்கும். எழுத்து எதுவானாலும் கீழே ஒரு வரிசை மாங்காய் உண்டு. எங்கள் மேல்மாடியில் இருக்கும் கல்லூரிப் பையன் தன் அக்கா கல்யாணத்துக்கு அந்த ஓரத்தைத் தானே வரைகிறேன் என்று உட்கார்ந்தான். இரண்டாம் நாள் லேப்டாப்போடு வந்து நின்றான். “அக்கா, நான் வரைஞ்சா மட்டும் ஏன் மாங்காய் உருளைக்கிழங்கு மாதிரி வருது?”

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மென்பொருள் இங்க்ஸ்கேப். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். குறுக்கு விசைகள் எல்லாம் அதற்கே உரியவை. வேறு மென்பொருளில் விசை மாறும், விஷயம் மாறாது.

முதலில் அந்த உருளைக்கிழங்கு. அவன் பென்சில் டூலை எடுத்து, ஒரு படத்தின் மேல் மவுஸால் இழுத்துக்கொண்டே போயிருக்கிறான். கோட்டைத் தேர்ந்தெடுத்து N அழுத்தினால் நோடு டூல் வரும். அதில் Ctrl+A கொடுத்தால் அந்தக் கோட்டில் எத்தனை நோடு என்று கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். ஐம்பது, அறுபது என்று காட்டியது. வெக்டர் கோட்டில் நோடு என்பது கோடு கட்டாயம் கடந்து போக வேண்டிய ஓர் இடம். கை நடுங்கின இடத்தில் எல்லாம் ஒரு நோடு விழுந்தால், கோடு அத்தனை நடுக்கத்தையும் கடந்துதான் போகும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Ctrl+L அடித்தால் இங்க்ஸ்கேப் நோடுகளைக் குறைத்துக் கொடுக்கும். ஆனால் அது எந்த நோடு முக்கியம் என்று யோசித்துக் குறைப்பதில்லை. அதை அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கூடுதல் முரட்டுத்தனமாகக் குறைக்கும், மாங்காயின் நுனி முதலில் மழுங்கிப்போகும். இந்த வேலைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆறு நோடு வைத்துப் புதிதாக வரைவது அதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஹேண்டில் என்ன செய்கிறது

இரண்டு நோடுகளுக்கு நடுவில் கோடு எப்படி வளைய வேண்டும் என்பதை ஹேண்டில்கள் சொல்கின்றன. நோடிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குச்சிதான் ஹேண்டில். அதன் திசைதான் கோடு நோடை விட்டுக் கிளம்பும் திசை. அதன் நீளம், அந்தத் திசையில் கோடு எவ்வளவு தூரம் பிடிவாதமாகப் போகும் என்பது. இவ்வகை வளைவுக்கு பெசியே வளைவு என்று பெயர். ரெனோ கார் கம்பெனிப் பொறியாளர் பியர் பெசியே, கார் உடலின் வளைவுகளைக் கணக்கில் பிடிக்கப் பயன்படுத்திப் பிரபலமாக்கியது. அதற்கு முன்பே, 1959-இல், சிட்ரோயன் கம்பெனியில் பால் டி காஸ்தெல்ஜோ இதே கணக்கைக் கண்டுபிடித்திருந்தார், கம்பெனி அதை வெளியே விடவில்லை.

ஹேண்டில் எவ்வளவு நீளம் வைப்பது என்பதில்தான் ஆரம்பத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள். ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு நோடு போதும்: மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம். ஒவ்வொரு ஹேண்டிலும் ஆரத்தில் சுமார் 55 சதவீதம் இருந்தால் கண்ணுக்குக் குறையே தெரியாத வட்டம் வரும். ஆரம் 20 மி.மீ. என்றால் ஹேண்டில் 11 மி.மீ. வேறு விதமாகச் சொன்னால், இரண்டு நோடுகளுக்கு நடுவில் உள்ள வளைவின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த மூன்றில் ஒன்றை மனதில் வைத்துத் தொடங்கினால் அப்புறம் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் போதும். ஹேண்டில் ரொம்பக் குட்டையானால் நோடு பக்கத்தில் மூக்கு மாதிரி கூர்மை தெரியும், ரொம்ப நீளமானால் வளைவு நோடு பக்கத்தில் தட்டையாகி நடுவில் புடைக்கும்.

அந்த வட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நோடுகள் எல்லாம் கோட்டின் எல்லைகளில் இருக்கின்றன, அதாவது வடிவம் இதற்கு மேல் போகாது, இதற்கு இடப்பக்கம் போகாது என்ற இடங்களில். அந்த இடங்களில் ஹேண்டில் ஒன்று படுக்கையாக இருக்கும், இல்லாவிட்டால் செங்குத்தாக இருக்கும். சாய்வு ஹேண்டில் தேவையே இல்லை. மாங்காய்க்கும் இதே வழிதான்.

மாங்காயை வரைவது

12 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம் உள்ள ஒரு மாங்காய். வயிறு கீழே, கழுத்து மேலே போய், நுனி வலப்பக்கம் வளைந்து கீழே பார்க்கிறது. இதற்கு எங்கெங்கே நோடு வைக்கலாம்? நுனியில் ஒன்று. அங்கிருந்து மேலே ஏறி உச்சியில் ஒன்று. இடப்பக்கம் வயிறு அதிகமாகத் தள்ளி நிற்கும் இடத்தில் ஒன்று. அடியில் ஒன்று. வலப்பக்க வயிற்றில் ஒன்று. கடைசியாக, நுனிக்குக் கீழே கழுத்து உள்வாங்கும் இடத்தில் ஒன்று. மொத்தம் ஆறு.

# அழுத்தினால் கட்டம் தெரியும், Ctrl+Shift+D திறந்து கட்டத்தை 1 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். B அழுத்தினால் பென் டூல். நுனியில் இழுக்காமல் வெறுமனே கிளிக் செய்யுங்கள், கூர்மையான நோடு விழும். அடுத்து உச்சியில் அழுத்தி, விடாமல் இடப்பக்கமாக இழுங்கள், ஹேண்டில் நீளும். இழுக்கும்போது Ctrl பிடித்திருந்தால் திசை 15 டிகிரிப் படிகளில்தான் நகரும், அதனால் படுக்கை நிலையைப் பிடிப்பது சுலபம். இடப்பக்க வயிற்றில் கீழ்நோக்கி இழுங்கள், அடியில் வலப்பக்கமாக, வலப்பக்க வயிற்றில் மேல்நோக்கி, கழுத்தில் மறுபடி மேல்நோக்கி. கடைசியில் தொடங்கிய நுனியின் மேலேயே கிளிக் செய்தால் வடிவம் மூடிக்கொள்ளும். நடுவில் ஒரு நோடு தப்பாக விழுந்தால் Backspace அதை மட்டும் எடுக்கும். Esc அடித்துவிடாதீர்கள், முழுக் கோடும் போய்விடும்.

முதல் முறை அழகாக வராது, பரவாயில்லை. சரிசெய்வதற்கு என்றே நோடு டூல் இருக்கிறது. N அழுத்தி, நுனியைத் தவிர மற்ற ஐந்தையும் தேர்ந்தெடுத்து Shift+S கொடுங்கள். அப்போது அவை வழவழப்பான நோடுகள் ஆகும்: இரண்டு ஹேண்டிலும் ஒரே நேர்கோட்டில் நிற்கும், நீளம் மட்டும் வேறுபடலாம். நுனிக்கு Shift+C, அங்கே இரண்டு ஹேண்டிலும் அவரவர் வழியில் போகலாம். Shift+Y என்று ஒன்று உண்டு, அது இரண்டு நீளத்தையும் சமமாக்கும். மாங்காய் போன்ற வடிவத்துக்கு அது இடைஞ்சல்தான், ஏனென்றால் உச்சியில் கழுத்துப் பக்கம் நீள ஹேண்டிலும் நுனிப் பக்கம் குட்டை ஹேண்டிலும் வேண்டும். நுனி நோடில் ஹேண்டிலே தெரியவில்லை என்றால் Shift பிடித்துக்கொண்டு நோடிலிருந்தே இழுங்கள், உள்ளே இருந்து ஒன்று வெளியே வரும். ஹேண்டிலின் நீளத்தை மாற்றும்போதும் Ctrl பிடித்தால் திசை குலையாது.

தேவையில்லாத நோடு இருந்தால் தேர்ந்தெடுத்து Delete. வடிவத்தை முடிந்தவரை காப்பாற்றப் பக்கத்து ஹேண்டில்களை அதுவே மாற்றிக்கொள்ளும். புதிய நோடு வேண்டுமானால் கோட்டின் மேல் இரட்டைக் கிளிக். ஒரு வளைவு சரியாக வரவில்லை என்றதும் அங்கே இன்னொரு நோடு போடத் தோன்றும். முதலில் பக்கத்து இரண்டு ஹேண்டில்களின் நீளத்தை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

நான் அவனுக்குக் கொடுத்த மாங்காய் இது. ஒரு வெற்று டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டி, `maangai.svg` என்று சேமித்து இங்க்ஸ்கேப்பில் திறந்தால் வடிவம் வரும். N அழுத்தி ஹேண்டில்களை ஆராயலாம்.

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg"
     width="12mm" height="18mm" viewBox="0 0 12 18">
  <path d="M 11,4 C 11,1.5 9.8,0 8,0
           C 4,0 0,6 0,11.5
           C 0,15.1 2.7,18 6,18
           C 9.3,18 12,15.3 12,12
           C 12,8.5 7,7.5 7,4.5
           C 7,2.8 9,2.5 11,4 Z"/>
</svg>
```

ஒவ்வொரு C வரியிலும் மூன்று ஜோடி எண்கள். ஜோடியில் முதல் எண் இடப்பக்கத்திலிருந்து எத்தனை மி.மீ., இரண்டாவது மேலிருந்து எத்தனை மி.மீ. என்பது. முதல் இரண்டும் ஹேண்டில் முனைகள், மூன்றாவது அடுத்த நோடு. 8,0 என்ற உச்சி நோடுக்கு முன்னால் 9.8,0 இருக்கிறது, பின்னால் 4,0 இருக்கிறது. மூன்றிலும் இரண்டாவது எண் பூஜ்யம், ஆகவே ஹேண்டில் படுக்கையாக நிற்கிறது. 12,12 என்ற வலப்பக்க நோடுக்கு முன்னும் பின்னும் முதல் எண் 12 தான், ஆகவே அது செங்குத்து.

குரூப்: உள்ளே இருப்பது கலையாமல்

வெறும் மாங்காய் மொட்டையாக இருக்கும். உள்ளே அதையே சிறிதாக்கி ஒன்று, வயிற்றில் 3 மி.மீ. பொட்டு ஒன்று. வெளி மாங்காயைத் தேர்ந்தெடுத்து Ctrl+D, அதே இடத்தில் நகல் விழும், அதைச் சிறிதாக்கி நிறம் மாற்றுங்கள். பொட்டை நடுவில் வைக்க Ctrl+Shift+A அழுத்தி அலைன் பலகையைத் திறக்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு.

அலைன் எதையும் வடிவமாகப் பார்ப்பதில்லை. வடிவத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் கட்டி, அந்தச் செவ்வகத்தைத்தான் நகர்த்துகிறது. நம் மாங்காயின் செவ்வகம் 12-க்கு 18, அதன் நடு 6,9. ஆனால் வயிற்றின் நடு 6,12. இரண்டு திசையிலும் நடு கொடுத்தால் பொட்டு வயிற்றில் இருந்து 3 மி.மீ. மேலேறி, கழுத்தில் சிக்கினது மாதிரி நிற்கும். இடவலமாக மட்டும் நடு கொடுத்துவிட்டு, மேல்கீழைக் கையால் கீழ் அம்பு விசையில் இறக்குங்கள். அம்புக்குறியுடன் Alt சேர்த்தால் திரையில் ஒவ்வொரு பிக்சலாக நகரும்.

மூன்றையும் தேர்ந்தெடுத்து Ctrl+G. இனி அது ஒரே பொருள். உள்ளே ஒன்றைத் திருத்த குரூப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. Ctrl பிடித்துக் கிளிக் செய்தால் உள்ளே இருக்கும் துண்டு நேராகத் தேர்வாகும், இரட்டைக் கிளிக் செய்தால் குரூப்புக்குள்ளேயே போய்விடலாம். பொட்டின் நிறத்தை மாற்ற ஒவ்வொரு தடவையும் பிரித்துச் சேர்ப்பவர்கள் கடைசியில் எதையாவது சேர்க்க மறந்து, இடம் மாற்றும்போது பொட்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

வரிசையாக அடுக்குவது

கார்டு 180 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம். இரண்டு பக்கமும் கீழேயும் 10 மி.மீ. விடுகிறோம். நடுவில் 20 மி.மீ. அகலத்தில் ஒரு தாமரை, அதற்கு இடப்பக்கம் நான்கு மாங்காய், வலப்பக்கம் நான்கு. எல்லா நுனியும் தாமரையைப் பார்க்க வேண்டும்.

மாங்காய்க் குரூப்பை மூன்று முறை Ctrl+D கொடுத்து, நான்கையும் சுமாராகத் தள்ளி வையுங்கள். நான்கையும் சேர்த்து Ctrl+G. அந்தப் பெரிய குரூப்பை Ctrl+D, பிறகு H. கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும், அதை வலப்பக்கம் இழுத்து வையுங்கள். குரூப்புக்குள் குரூப் போட்டதால் நான்கையும் தனித்தனியாகத் திருப்பும் வேலை இல்லை. இப்போது இரண்டு பெரிய குரூப்பையும் தேர்ந்தெடுத்து ஒரே ஒருமுறை Ctrl+Shift+G. இது வெளி அடுக்கை மட்டும் உரிக்கும், ஒவ்வொரு மாங்காயும் உள்ளே சேர்ந்தே இருக்கும். கை தவறி இரண்டு முறை அழுத்தினால் பொட்டு, உள் மாங்காய், வெளி மாங்காய் எல்லாம் தனித்தனியாகிவிடும், அடுத்து அலைன் கொடுத்தால் எல்லாம் சிதறும். தாமரையும் ஒரே குரூப்பாக இருக்கட்டும். ஒன்பதையும் தேர்ந்தெடுத்து ஸ்டேட்டஸ் பாரில் 9 என்று வருகிறதா பாருங்கள். 25 வந்தால் Ctrl+Z.

S அழுத்தினால் தேர்வு டூல், மேலே X, Y, W, H என்று நான்கு பெட்டிகள். அலகு mm. இடக்கோடி மாங்காயின் X-இல் 10 என்றும் Y-இல் 92 என்றும் கொடுங்கள். 120-இல் அடி ஓரம் 10, மாங்காய் உயரம் 18 போக மீதி 92. வலக்கோடி மாங்காயின் X 158. இப்போது மற்ற எட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு, இடக்கோடி மாங்காயைக் கடைசியாக Shift பிடித்துக் கிளிக் செய்யுங்கள். அலைன் பலகையில் Relative to என்ற இடத்தில் Last selected வைத்து, அடி விளிம்புகளைச் சேர்க்கும் பட்டனை அழுத்துங்கள். எல்லாம் அதன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். மவுஸால் ஒரு பெட்டி இழுத்து மொத்தமாகப் பிடித்தால் கடைசி எது என்று நமக்கே தெரியாது. வரிசை முழுக்க எங்கேயோ தாவுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பட்டனை அழுத்தியும் துண்டுகளுக்குள் ஒன்றும் நகராமல் மொத்தமாக நகர்கிறது என்றால், அதே பலகையில் தேர்வை ஒரே குரூப்பாக நடத்தும் பட்டன் அழுந்தியிருக்கிறது. அதை விடுவியுங்கள்.

அப்புறம் இடைவெளி. அதே பலகையில் கீழே பரப்பும் பட்டன்கள் இருக்கும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் வேலை வேறு. நடுப்புள்ளிகளைச் சம தூரத்தில் வைக்கும் பட்டனை அழுத்தினால், கோடியில் இருக்கும் இரண்டின் நடு 16, 164. இடையில் 148 மி.மீ., எட்டால் வகுத்தால் 18.5. மாங்காய்களுக்கு நடுவில் 6.5 மி.மீ. இடைவெளி வரும். ஆனால் தாமரை அகலமாக இருப்பதால் அதன் இரு பக்கமும் வெறும் 2.5 மி.மீ. தான் மிஞ்சும், நெருக்கிப் பிடித்ததுபோல் இருக்கும். நமக்கு வேண்டியது இடைவெளிகளைச் சமமாக்கும் பட்டன். கர்சரை வைத்தால் விளக்கத்தில் gaps என்று வரும். எட்டு மாங்காய் 96, தாமரை 20, மொத்தம் 116. 160-இல் மீதி 44, எட்டு இடைவெளிக்கு 5.5 மி.மீ. அழுத்தியபின் இரண்டாவது மாங்காயின் X-ஐப் பாருங்கள், 27.5 காட்ட வேண்டும். தாமரை 80-இல் தொடங்கும், அதன் நடு 90, கார்டின் நடுவும் அதுதான்.

எண் கொஞ்சம் பிசகினால் இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று, கோட்டின் தடிமன். இங்க்ஸ்கேப் வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியும் மையின் எல்லையையே செவ்வகமாக எடுக்கும். 0.5 மி.மீ. ஓரக்கோடு போட்டால் 12 மி.மீ. மாங்காய் W பெட்டியில் 12.5 என்று காட்டும். இதை Preferences-இல் Tools பக்கத்தில் Geometric bounding box என்று மாற்றலாம். அச்சுக்குப் போகும் வேலைக்கு நான் மாற்றுவதில்லை, காகிதத்தில் மைதானே தெரியப்போகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் வழக்கம் நேர்மாறு: Use Preview Bounds போட்டால்தான் தடிமன் கணக்கில் வரும்.

இரண்டு, கண்ணுக்குத் தெரியாத எச்சம். குரூப்பைத் தேர்ந்தெடுத்தால் சுற்றிவரும் புள்ளிக்கோடு மாங்காயைவிடப் பெரிதாக இருக்கிறதா? உள்ளே எங்கேயோ நிறமில்லாத ஒரு துண்டோ, பென் டூலில் தெரியாமல் விழுந்த ஒற்றை நோடோ, காலி எழுத்துப் பெட்டியோ மாட்டியிருக்கிறது. View பட்டியலில் Display Mode போய் Outline தேர்ந்தெடுத்தால் நிறம் எல்லாம் போய் எலும்புக்கூடு மட்டும் தெரியும். வேண்டாத துண்டைப் பிடித்து நீக்கிவிடலாம்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் கார்டு அடிக்கும் கடைகளில் பெரும்பாலும் கோரல்டிராதான் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து திருத்த நேர்ந்தால், Ctrl+G அதேதான், பிரிப்பதற்கு Ctrl+U, நோடு டூலுக்கு F10. அலைன் ஒற்றை எழுத்திலேயே நடக்கும்: L இடம், R வலம், T மேல், B கீழ், C இடவலமாக நடு, E மேல்கீழாக நடு, P பக்கத்தின் நடு. அதிலும் Shift பிடித்துக் கடைசியாகக் கிளிக் செய்ததுதான் ஆதாரம். கடைக்காரர் விரல்கள் அதில் ஓடும் வேகத்தைப் பார்த்தால் அலைன் பலகை எதற்கு என்றே தோன்றும்.

தமிழ் எழுத்துக்களை அனுப்பும் முன் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+C கொடுத்துப் பாதையாக மாற்றிவிடுங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று பிரிந்து அச்சாகும். மாற்றியபின் எழுத்து எழுத்தாக இருக்காது, பெயரில் பிழை இருந்தால் தட்டச்சில் திருத்த முடியாது. அதனால் திருத்தும் பிரதியை SVG ஆக வைத்துக்கொண்டு, பாதையாக்கிய பிரதியை மட்டும் PDF ஆக அனுப்புங்கள்.